பெருக்கல் எப்படிக் கூட்டலானது?

"சார், எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். பத்தாவது வரை தமிழ் மீடியம். இப்போது பிளஸ் ஒன் சயன்ஸ், எல்லாமே இங்கிலீஷ். லாக் விதிகளை மனப்பாடம் பண்ணிவிட்டேன், கணக்கும் போட வருகிறது. ஆனால் log (MN) = log M + log N என்று ஏன் வருகிறது என்று கேட்டால், 'அது ரூல், அப்படியே எழுது' என்கிறார்கள். அடுக்கு விதியில் இருந்துதான் வருகிறது என்று காலேஜ் படிக்கும் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். எப்படி என்று ஒவ்வொரு படியாகக் காட்டுவீர்களா? காரணம் தெரியாமல் எழுத மனசு வரவில்லை."

கண்ணு, அக்கா சொன்னது சரி. லாக் விதி என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஏழாவது எட்டாவதில் நீ படித்த அடுக்கு விதிகளையே மறுபக்கம் நின்று படிக்கிறோம், அவ்வளவுதான். தமிழ் மீடியத்தில் படித்தவள் என்பதால் அடிமானம், அடுக்கு என்ற சொற்களையே எழுதுகிறேன். வகுப்பில் பேஸ், எக்ஸ்போனன்ட் என்று சொல்வது இவற்றைத்தான்.

முதலில் log₂ 8 என்பதை எப்படி வாசிக்கிறாய் என்று பார். "லாக் எட்டு, பேஸ் டூ" என்று வாசித்தால் அது ஒரு பெயராக நின்றுவிடும், உள்ளே ஒன்றும் தெரியாது. அதைக் கேள்வியாக வாசி: "இரண்டின் தலையில் எந்த அடுக்கை வைத்தால் எட்டு வரும்?" விடை 3. ஆக,

2³ = 8
log₂ 8 = 3

இரண்டு வரியும் ஒரே செய்திதான். முதல் வரி எட்டைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாவது வரி மூன்றைப் பற்றிப் பேசுகிறது. log₂ 8 என்பது ஒரு எண், அந்த எண் ஓர் அடுக்கு. இனி நீ log என்று எங்கே பார்த்தாலும் "இது ஓர் அடுக்கு" என்று பென்சிலால் பக்கத்தில் எழுதிக்கொள். நான் வகுப்பெடுத்த காலத்தில் பிள்ளைகளை இப்படித்தான் ஒரு வாரம் எழுத வைப்பேன். சலித்துக்கொள்வார்கள், ஆனால் அதற்குப் பிறகு log என்பதை அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் ஒரு எழுத்து மாதிரி நினைத்து உள்ளே பெருக்கிவிடும் தப்பு நின்றுவிடும்.

பொதுவாக எழுதினால், aˣ = M என்பதும் logₐ M = x என்பதும் ஒன்று. இதில் a என்பது 0-வை விடப் பெரிதாக இருக்க வேண்டும், 1 ஆக இருக்கக் கூடாது. M-ம் 0-வை விடப் பெரிதாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளை எல்லோரும் புத்தகத்தின் ஓரத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் நிரூபணம் முழுக்க இவற்றின் மேல்தான் நிற்கிறது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அடிமானம் 1 என்றால், 1-க்கு எந்த அடுக்கு போட்டாலும் 1 தான். "எந்த அடுக்கு போட்டால் 1 வரும்?" என்று கேட்டால் ஆயிரம் விடை இருக்கிறது. "எந்த அடுக்கு போட்டால் 5 வரும்?" என்று கேட்டால் ஒரு விடையும் இல்லை. நமக்கோ கேள்விக்கு ஒரே ஒரு விடை வேண்டும். மற்ற அடிமானங்களில் ஒரே விடைதான் என்று எப்படித் தெரியும்? aˣ-ம் aʸ-ம் சமம், ஆனால் x பெரிது, y சிறிது என்று வைத்துப் பார். ஒன்றை மற்றதால் வகுத்தால் aˣ⁻ʸ = 1 என்று வரும். x − y ஒரு மிகை எண். 1-ஐ விடப் பெரிய எண்ணுக்கு மிகை அடுக்கு போட்டால் 1-ஐ விடப் பெரிதாகத்தான் வரும். 0-க்கும் 1-க்கும் நடுவில் உள்ள எண்ணுக்கு மிகை அடுக்கு போட்டால் 1-ஐ விடச் சிறிதாகத்தான் வரும். இரண்டிலும் சரியாக 1 வர வழியில்லை. ஆகவே இரண்டு வெவ்வேறு அடுக்குகள் ஒரே எண்ணைத் தராது. இதை ஞாபகத்தில் வை, சற்று நேரத்தில் கைகொடுக்கும்.

M ஏன் மிகை எண்ணாக இருக்க வேண்டும்? இரண்டின் தலையில் எந்த அடுக்கை வைத்தாலும், குறை எண்ணையே வைத்தாலும், வருவது மிகை எண்தான். 2⁻³ என்பது 1/8, அதுவும் மிகை. எனவே log₂ (−8) என்ற கேள்விக்கு விடையே கிடையாது.

இப்போது உன் கேள்விக்கு வருவோம். எழுத்தைத் தொடும் முன் எண்ணில் பார். 8-ஐயும் 32-ஐயும் பெருக்கு. 8-க்குள் மூன்று 2-கள் இருக்கின்றன, 32-க்குள் ஐந்து 2-கள் இருக்கின்றன.

8 × 32 = (2×2×2) × (2×2×2×2×2)

பெருக்கல் குறியின் இரு பக்கமும் அடைப்பை எடுத்துவிட்டு எண்ணிப் பார். எட்டு 2-கள். எண்களைப் பெருக்கினோம், ஆனால் 2-களின் எண்ணிக்கையைக் கூட்டினோம். log₂ என்பது அந்த எண்ணிக்கையைத்தான் கேட்கிறது. ஆகவே log₂ (8×32) = 3 + 5 = 8, அதாவது 256 = 2⁸. பெருக்கல் கூட்டலாக "மாறவில்லை", கண்ணு. கீழே எண்களுக்குள் பெருக்கல் நடக்கும்போது மேலே அடுக்குகளுக்குள் கூட்டல் நடக்கிறது. லாக் மேலே நடப்பதை மட்டும் எழுதிக் காட்டுகிறது.

இதையே எழுத்தில் எழுதுவோம். ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்லிக்கொண்டே போகிறேன்.

logₐ M = x, logₐ N = y என்று வை. இது வெறும் பெயர் சூட்டல். எதற்கு என்றால், logₐ M என்ற நீளப் பெயருக்குள் அடுக்கு ஒளிந்திருக்கிறது. x என்று எழுதினால் அதைத் தூக்கி a-வின் தலையில் வைக்க வசதி.

aˣ = M, aʸ = N. மேலே எழுதிய அதே செய்தி, மறுபக்கம் நின்று எழுதியிருக்கிறோம். லாக்கின் பொருளைத் தவிர வேறெதையும் இங்கே பயன்படுத்தவில்லை.

MN = aˣ × aʸ. M-க்கும் N-க்கும் பதிலாக அவற்றுக்குச் சமமானதைப் போட்டோம்.

MN = aˣ⁺ʸ. இந்த ஒரே இடத்தில்தான் அடுக்கு விதி வேலை செய்கிறது.

logₐ (MN) = x + y. திரும்பி லாக் பக்கம் வந்துவிட்டோம். கேள்வி, "a-வின் தலையில் எந்த அடுக்கை வைத்தால் MN வரும்?" என்பது. x + y வைத்தால் வருகிறது என்று முந்தைய வரி சொல்கிறது. வேறு எதை வைத்தாலும் வராது என்பதைச் சற்று முன் பார்த்தோம். ஆகவே விடை x + y.

logₐ (MN) = logₐ M + logₐ N. சூட்டிய பெயர்களைக் கழற்றிவிட்டுப் பழைய பெயர்களையே எழுதிவிட்டோம்.

ஐந்தாவது வரியில் பலரும் காரணம் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள். "இரு பக்கமும் லாக் எடுக்க" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எழுதலாம், மார்க்கும் கிடைக்கும். ஆனால் அந்த அடுக்கு ஒன்றே ஒன்றுதான் என்பது தெரியாவிட்டால் அந்த வரி நிற்காது. காரணம் கேட்டவள் என்பதால் உனக்கு மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

இதற்குள் உனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். 8-க்குள் மூன்று 2-கள் என்று எண்ணலாம், சரி. லாக் டேபிளில் 2-க்கு நேராக 0.3010 என்று போட்டிருக்கிறதே, 2-க்குள் 0.3010 பத்துகள் இருக்கின்றன என்று எப்படி எண்ணுவது? எண்ண முடியாதுதான். அங்கே எண்ணிக்கையை விட்டுவிட்டு அடுக்கின் பொருளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 10⁰·³ என்பது 10³-இன் பத்தாம் மூலம், அதாவது எந்த எண்ணைப் பத்துத் தடவை பெருக்கினால் 1000 வருமோ அந்த எண். 2-ஐப் பத்துத் தடவை பெருக்கினால் 1024. ஆயிரத்தைத் துளி தாண்டுகிறது. ஆகவே 2 என்பது 10⁰·³-ஐத் துளி தாண்டுகிறது, log 2-ம் 0.3-ஐத் துளி தாண்டுகிறது. டேபிளில் உள்ள 0.3010-இன் முதல் இரண்டு இலக்கத்தை நாமே கையால் கண்டுபிடித்துவிட்டோம்.

பின்ன அடுக்குகளிலும் கூட்டல் விதி செல்லுமா என்பதையும் ஒரு தடவை தொட்டுப் பார். 10-இன் வர்க்கமூலத்தையும் கனமூலத்தையும் பெருக்க வேண்டும் என்று வை. 10-இன் ஆறாம் மூலத்தை t என்று கொள், அதாவது t⁶ = 10. அப்போது வர்க்கமூலம் t³, ஏனென்றால் t³-ஐ இரண்டு தடவை பெருக்கினால் t⁶. கனமூலம் t². பெருக்கினால் t⁵, அதாவது பத்தின் தலையில் 5/6. 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டிப் பார், அதே 5/6. எந்த இரண்டு பின்னத்துக்கும் இதே வித்தைதான். இரண்டுக்கும் பொதுவான ஒரு சின்ன மூலத்தை எடுத்துக்கொண்டால் மறுபடியும் விரல் விட்டு எண்ணலாம். √2 மாதிரி பின்னமாக எழுத முடியாத அடுக்குகளுக்கு, அதை நெருங்கி நெருங்கி வரும் பின்னங்களைக் கொண்டு பொருள் சொல்கிறார்கள். அந்த நிரூபணத்துக்கு எல்லை என்ற கருத்து வேண்டும், காலேஜ் கணக்கில் வரும். பின்னம் வரைக்கும் நீயே கையால் சரிபார்க்கலாம் என்பது இப்போதைக்குப் போதும்.

டேபிளை வைத்துச் சோதித்தாலும் சோதிப்பாய். log 2 = 0.3010, log 3 = 0.4771. கூட்டினால் 0.7781. ஆனால் டேபிளில் log 6-க்கு 0.7782 என்று இருக்கும். விதி பொய்த்துவிட்டது என்று நினைத்துவிடாதே. டேபிள் நான்கு இலக்கத்தோடு வெட்டி முழுமையாக்கிய எண். ஐந்து இலக்கம் எடுத்தால் 0.30103-ம் 0.47712-ம் சேர்ந்து 0.77815, அதை நான்கு இலக்கமாக முழுமையாக்கினால் 0.7782. தனித்தனியாக முழுமையாக்கிவிட்டுக் கூட்டியதில்தான் கடைசி இலக்கம் ஒன்று நகர்ந்தது.

வகுத்தல் விதிக்கு அதிக நேரம் வேண்டாம். அதே x, y வைத்துக்கொண்டு,

M/N = aˣ ÷ aʸ = aˣ⁻ʸ
logₐ (M/N) = x − y = logₐ M − logₐ N

இதை அடுக்கு விதியைத் தொடாமலும் வரவழைக்கலாம். M என்பது M/N-ஐயும் N-ஐயும் பெருக்கினால் வருவது. பெருக்கல் விதிப்படி logₐ M = logₐ (M/N) + logₐ N. logₐ N-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோனால் முடிந்தது. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும்.

இங்கே நான் விடைத்தாள்களில் அதிகம் பார்த்த தப்பு ஒன்று உண்டு. log (M/N)-ஐ (log M)/(log N) என்று எழுதிவிடுவார்கள். 32-ஐயும் 8-ஐயும் போட்டுப் பார். 32/8 = 4, log₂ 4 = 2. விதிப்படி 5 − 3 = 2, சரி. தப்பாக எழுதினால் 5/3. சந்தேகம் வரும்போதெல்லாம் 8, 32 இந்த இரண்டையும் போட்டுப் பார்த்துவிடு. அவற்றின் லாக் 3-ம் 5-ம் என்பது உனக்கு மனசிலேயே இருக்கும், டேபிள் தேவைப்படாது.

அடுத்தது லாக்கின் அடுக்கு விதி, அதாவது logₐ (Mᵖ) = p logₐ M. 8⁴ என்பதை எடுத்துக்கொள். ஒவ்வொரு 8-க்குள்ளும் மூன்று 2-கள், அப்படி நான்கு 8-கள், மொத்தம் பன்னிரண்டு 2-கள். ஆகவே log₂ (8⁴) = 4 × 3 = 12. எழுத்தில்,

logₐ M = x, அதாவது aˣ = M
Mᵖ = (aˣ)ᵖ = aˣᵖ
logₐ (Mᵖ) = xp = p logₐ M

p முழு எண்ணாக இருந்தால் இது பெருக்கல் விதியைத் திரும்பத் திரும்பப் போட்டதுதான், புதிதாக ஒன்றுமில்லை. p = 1/2 என்றால் "M-ஐ அரைத் தடவை பெருக்குவது" என்று சொல்ல முடியாது, அங்கேதான் (aˣ)ᵖ = aˣᵖ என்ற விதி உண்மையாகவே தேவைப்படுகிறது. வர்க்கமூலத்தின் லாக், லாக்கில் பாதி. √64 = 8, log₂ 64 = 6, log₂ 8 = 3. சரியாக இருக்கிறதா?

log (M²)-க்கும் (log M)²-க்கும் உள்ள வித்தியாசத்தை 8-ஐப் போட்டே தெரிந்துகொள். முதலாவது 6, இரண்டாவது 9. முதலாவதில் எண்ணுக்கு அடுக்கு, இரண்டாவதில் லாக்குக்கே அடுக்கு. விதி முதலாவதற்கு மட்டும்தான்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. log₂ (x²) = 2 log₂ x என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதே. x = −4 என்றால் இடது பக்கம் log₂ 16 = 4, நன்றாக இருக்கிறது. வலது பக்கம் 2 log₂ (−4), அப்படி ஒன்றே கிடையாது. நிரூபணத்தின் முதல் வரியைப் பார்: aˣ = M என்று எழுதினோமே, M குறை எண்ணானால் அந்த வரியே எழுத முடியாது. கேள்வித்தாளில் x குறை எண்ணாகவும் இருக்கலாம் என்றால் 2 log₂ |x| என்று எழுது.

அடிமானம் மாற்றும் விதி மட்டும் பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் சந்தையில் பூ வாங்கத் தெரிந்தவளுக்கு அது தெரியும். மூன்று முழம் பூ வாங்குகிறாய். அதைச் சாணால் அளந்தால் ஆறு. ஒரு முழத்துக்கு இரண்டு சாண், ஆகவே எந்தச் சரத்தையும் சாணால் அளந்த எண்ணிக்கை முழ எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு. 64-ஐ 4-ஆல் அளந்தால் மூன்று, 4³ = 64. அதையே 2-ஆல் அளந்தால் ஆறு, 2⁶ = 64. 4 என்ற முழத்துக்கு 2 என்ற சாண் இரண்டு, ஏனென்றால் 4 = 2². எழுத்தில் எழுதுவோம். பழைய அடிமானம் a முழம், புது அடிமானம் k சாண்.

logₐ M = x, அதாவது aˣ = M (சரம் x முழம்)
logₖ a = c, அதாவது kᶜ = a (ஒரு முழத்துக்கு c சாண்)
M = aˣ = (kᶜ)ˣ = kᶜˣ
logₖ M = cx = logₖ a × logₐ M

c-ஆல் வகுத்தால் புத்தகத்தில் இருக்கும் வடிவம் வந்துவிடும்:

logₐ M = logₖ M ÷ logₖ a

c-ஆல் வகுக்கலாமா? c பூஜ்ஜியமானால் முடியாது. c = 0 என்றால் a = k⁰ = 1. அதைத்தான் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டோமே. ஓரத்தில் கிடந்த நிபந்தனை இங்கே வந்து நம்மைக் காப்பாற்றுகிறது. பயன் என்ன என்றால், log₂ 10 வேண்டுமானால் 2-க்கு என்று தனி டேபிள் தேட வேண்டாம். log 10 = 1, log 2 = 0.3010, வகுத்தால் சுமார் 3.32. 2³ = 8, 2⁴ = 16, பத்து நடுவில் இருக்கிறது, ஆகவே 3-க்கும் 4-க்கும் நடுவில் வருவது நியாயம்தான்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். லாக் டேபிளை முதலில் வெளியிட்ட ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர், 1614-இல், இந்த நிரூபணத்தை எழுதவில்லை. எழுதியிருக்கவும் முடியாது. அடுக்கை எண்ணின் தலையில் சின்னதாக எழுதும் வழக்கம் டேக்கார்ட்டின் 1637 புத்தகத்துக்குப் பிறகுதான் பரவியது. நேப்பியர் இரண்டு கோடுகளில் நகரும் இரண்டு புள்ளிகளைக் கொண்டு தன் எண்களை உண்டாக்கினார். பத்தை அடிமானமாக வைத்துக்கொள்ளலாம் என்று அவரோடு பேசி முடிவு செய்து, டேபிளைப் புதிதாகக் கணித்தவர் ஹென்றி பிரிக்ஸ். "லாக் என்பது ஓர் அடுக்கு" என்று நான் முதலில் சொன்னேனே, அதையே அடித்தளமாக வைத்து எல்லாவற்றையும் கட்டியது ஆய்லர், 1748-இல். ஆக, உனக்கு இன்று கேள்வி வந்தது ஒன்றும் குற்றமில்லை. லாக் புழக்கத்துக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் இந்தக் காரணம் இவ்வளவு எளிய வடிவத்தில் கிடைத்தது.

log (M + N)-க்கு ஏன் விதி இல்லை என்று நீ கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பாய். அதே நிரூபணத்தை ஆரம்பித்துப் பார். M + N = aˣ + aʸ வரை வருவாய், அங்கே நின்றுவிடுவாய். aˣ, aʸ என்ற இரண்டு எண்களைக் கூட்டி, a-வின் தலையில் ஒரே அடுக்காக எழுதும் விதி கிடையாது, ஆகவே அதற்கு லாக் விதியும் கிடையாது. 8 + 32 = 40. நாற்பது என்பது 32-க்கும் 64-க்கும் நடுவில், ஆகவே log₂ 40 என்பது 5-க்கும் 6-க்கும் நடுவில். 3 + 5 = 8 என்று எழுதினால் அது 256-இன் லாக்.

கடைசியாக, விதியைப் பயன்படுத்தும்போது எங்கே வழுக்கும் என்று ஒரு கணக்கில் பார்த்துவிடுவோம். இது பரீட்சைக்கு வரும் வகைதான்.

log₂ x + log₂ (x − 2) = 3

பெருக்கல் விதிப்படி இடது பக்கம் log₂ [x(x − 2)]. லாக் 3 என்றால் எண் 2³ = 8.

x(x − 2) = 8
x² − 2x − 8 = 0
(x − 4)(x + 2) = 0

x = 4 அல்லது x = −2. நாலைப் போட்டுப் பார்: log₂ 4 + log₂ 2 = 2 + 1 = 3. சரி. −2-ஐப் போட்டால் முதல் உறுப்பே log₂ (−2), இல்லை. ஆனால் x(x − 2)-இல் −2-ஐப் போட்டால் (−2)(−4) = 8, கச்சிதமாகப் பொருந்துகிறது. எங்கிருந்து வந்தது இந்தத் திருட்டு விடை? நாம் எந்த வரியிலும் தப்புப் பண்ணவில்லையே?

இரண்டு லாக்கைச் சேர்த்து ஒன்றாக்கிய வரியைப் பார். சேர்ப்பதற்கு முன் x-ம் மிகையாக இருக்க வேண்டும், x − 2-ம் மிகையாக இருக்க வேண்டும் என்று இரண்டு கண்டிப்பு இருந்தது. சேர்த்த பிறகு பெருக்கற்பலன் மட்டும் மிகையாக இருந்தால் போதும் என்றாகிவிட்டது. இரண்டு குறை எண்களின் பெருக்கற்பலனும் மிகைதானே? அந்த இடைவெளியில்தான் −2 நுழைந்தது. பெருக்கல் விதியின் நிரூபணம் aˣ = M, aʸ = N என்று தொடங்கும்போதே இரண்டும் தனித்தனியே மிகை என்று கேட்டு வாங்கிக்கொண்டது. நாம் சேர்த்ததும் அதை மறந்துவிட்டோம்.

ஆகவே லாக் சமன்பாட்டைத் தொடங்கும் முன் தாளின் மேலேயே எழுதிவிடு: x > 0, x − 2 > 0, ஆக x > 2. கடைசியில் −2 வந்ததும் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் "log₂ (−2) இல்லை" என்று காரணத்தையும் எழுது. வெறுமனே அடித்துவிட்டால் திருத்துபவருக்கு நீ தெரிந்து அடித்தாயா, பயந்து அடித்தாயா என்று தெரியாது.